சவுண்ட் பாக்ஸ் சொன்ன 58 ஆயிரமும் பேங்க்ல வராத பணமும்: க்யூஆர் கணக்கு பாக்குறது எப்படின்னு நான் கத்துக்கிட்டது

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன பேக்கரி வெச்சிருக்கோம். டீ, பஃப்ஸ், தேங்கா பன், ஆர்டர் வந்தா கேக். வீட்டுக்காரர் உள்ள அடுப்புப் பக்கம், கல்லாவும் கணக்கும் நான். வியாபாரத்துல பாதிக்கு மேல இப்ப க்யூஆர்லதான் வருது, 15 ரூபா டீக்குக் கூட போனத்தான் எடுக்கறாங்க. அப்படி வந்த பணத்துல 58 ஆயிரத்து சொச்சம் ரூபா ஒரு வாரம் எங்கியோ நின்னு போச்சு. கடையில சவுண்ட் பாக்ஸ் ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் சத்தமா சொல்லிட்டே இருக்கு, பேங்க் அக்கவுண்ட்ல ஒரு பைசா ஏறல. அந்த வாரம் யாரக் கேக்கறது, என்ன காகிதம் எடுத்துட்டுப் போறதுன்னு எதுவும் தெரியாம தனியா அலஞ்சேன். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், கடை வெச்சிருக்கவங்க பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். க்யூஆர் எல்லாம் ஒண்ணு மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு வகை. நம்ம சொந்த யுபிஐ ஐடிக்கு எடுத்த க்யூஆர்னா கஸ்டமர் போட்ட பணம் அப்பவே நேரா நம்ம அக்கவுண்ட்ல விழும், பாஸ்புக்ல ஒவ்வொரு டீயும் ஒரு வரியா இருக்கும். ஆரம்பத்துல எங்க வீட்டுக்காரர் நம்பர்ல அதத்தான் வெச்சிருந்தோம், அவர் போனோட வெளிய போனா பணம் வந்துச்சா இல்லியான்னு கல்லாவுல தெரியாது. அதனால ஒரு பேமெண்ட் கம்பெனியோட கடை க்யூஆரும் சவுண்ட் பாக்ஸும் வாங்கினோம். இதுல பணம் முதல்ல அந்தக் கம்பெனி பேர்ல இருக்கற கணக்குக்குப் போகும், அவங்க ஒரு நாள் வசூலை மொத்தமா கூட்டி அடுத்த நாள் காலைல ஒரே தொகையா நமக்கு அனுப்புவாங்க. அதத்தான் செட்டில்மெண்ட்ங்கறாங்க. சவுண்ட் பாக்ஸ் "பெறப்பட்டது"ன்னு சொல்றது அந்தக் கம்பெனிக்கு வந்து சேந்ததத்தான், நம்ம பேங்க்ல ஏறுறது அதுக்கப்புறம். மாட்ட வந்த பையன் இதச் சொல்லல, பணம் உடனே வந்துரும்க்கான்னுட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் தினமும் ஒரு தலைவலி ஆரம்பிச்சுது. ராத்திரி கடை சாத்தும்போது ஆப்ல இருக்கற அன்னைக்கு மொத்தத்த நோட்டுல எழுதுவேன், காலைல பேங்க் மெசேஜ் பாத்தா தொகை வேற. 100 குறையும், ஒரு நாள் 200 கூட வரும், ஒரு நாளும் ஒத்துவராது. ஒரு வெள்ளிக்கிழமை கணக்க மட்டும் எடுத்து உக்காந்து பிரிச்சுப் பாத்தேன், அத அப்படியே சொல்றேன். நோட்டுல 11,240 ரூபா. சனிக்கிழமை காலைல பேங்க்ல வந்தது 10,905 ரூபா 86 பைசா. 334 ரூபா 14 பைசா குறைவு. எங்க ஆப்ல நாள் கணக்கு ராத்திரி 10 மணிக்கு முடியுது, நாங்க கடை சாத்தறது பதினொன்றரைக்கு. வெள்ளி ராத்திரி 10 மணிக்கு மேல வந்த 1,310 ரூபா சனிக்கிழமை கணக்குக்குப் போயிடுச்சு, அதே மாதிரி வியாழன் ராத்திரி 10 மணிக்கு மேல வந்த 1,180 வெள்ளிக்குள்ள வந்திருக்கு. அங்கியே 130 ரூபா வித்தியாசம். அப்புறம் சவுண்ட் பாக்ஸ் மாச வாடகை 125, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 147.50, அத தனியா கேக்காம செட்டில்மெண்ட்லயே புடிச்சிட்டாங்க. மீதி 56 ரூபா 64 பைசா. அது ஒரு பர்த்டே கேக்குக்கு வந்த 2,400 ரூபா, அந்த கஸ்டமர் ரூபே கிரெடிட் கார்ட யுபிஐல இணைச்சு வெச்சு அதுலருந்து போட்டிருக்காரு, அதுக்கு 2 சதவீதம் 48 ரூபாயும் அதுமேல ஜிஎஸ்டியும் போயிருக்கு. பேங்க் அக்கவுண்ட்லருந்து யுபிஐல வர்ற பணத்துக்கு 2020 ஜனவரில இருந்து கடைக்காரங்ககிட்ட கமிஷன் எடுக்கக் கூடாது, ஆனா கிரெடிட் கார்டுலருந்து 2,000 ரூபாய்க்கு மேல யுபிஐ வழியா வந்தா கட்டணம் உண்டு. 130, 147.50, 56.64, கூட்டுனா சரியா 334.14. அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதிய சொல்ல முடியாது, யாரோ திருடுறாங்களோன்னு மாசக்கணக்குல மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு.

அதனால நீங்க முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது உங்க ஆப்ல நாள் எத்தன மணிக்கு முடியுதுன்னு. செட்டில்மெண்ட் பக்கத்துல ஒரு நாளோட தொகைய தொட்டா அதுக்குள்ள எந்தெந்த பேமெண்ட் சேந்திருக்குன்னு பட்டியல் வரும், அதுல முதல் பேமெண்ட்டோட நேரத்தயும் கடைசி பேமெண்ட்டோட நேரத்தயும் பாருங்க, ரெண்டு மூணு நாளுக்குப் பாத்தா தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் நோட்டுலயும் அந்த நேரத்துலருந்து அந்த நேரம் வரைக்கும்னுதான் எழுதணும். நான் இப்ப கடை சாத்தற நேரத்துல மொத்தம் பாக்கறதே இல்ல, 10 மணி மொத்தம் மட்டும்தான்.

இனி அந்த வாரத்துக்கு வர்றேன். எங்க பேங்க் கிளைய பக்கத்துக் கிளையோட சேத்துட்டாங்க. மெசேஜ் வந்துச்சு, புது செக் புக் வாங்கிக்கங்கன்னாங்க, வாங்கினோம். அக்கவுண்ட் நம்பர் அதேதான், ஐஎஃப்எஸ்சி கோடு மட்டும் மாறுது. கொஞ்ச மாசம் பழைய கோடும் ஓடுச்சு, அதனால எதுவும் தெரியல, அப்புறம் ஒரு நாள் பழச நிறுத்திட்டாங்க. க்யூஆர் ஆப்லயும் கோட மாத்தணும்னு பேங்க்லயும் சொல்லல, ஆப் கம்பெனியும் கேக்கல. புதன்கிழமை வசூல் 9,480 ரூபா, வியாழன் காலைல வரணும், வரல. ஆப்ப தெறந்து பாத்தா பச்சைக் கலர்ல Settled-னு இருக்கு, பக்கத்துல பணம் அனுப்புனதுக்கு அடையாளமா ஒரு யூடிஆர் நம்பர். சரி பேங்க்ல லேட்டு போலன்னு விட்டேன். வெள்ளிக்கிழமை காலைல பாத்தா வியாழன் வசூல் 10,120க்கு நேரா On Hold-னு காட்டுது. அப்பதான் வயித்துல புளியக் கரைச்சுது. ஏன்னா மைதா, டால்டா போடற டீலருக்கு திங்கக்கிழமை தேதி போட்டு 42 ஆயிரத்துக்கு செக் குடுத்திருந்தோம்.

ஆப்ல இருக்கற உதவி நம்பருக்குக் கூப்பிட்டா பேங்க்லதான் கேக்கணும்ங்கறாங்க, பேங்குக்குப் போனா ஆப் கம்பெனியக் கேளுங்கங்கறாங்க. பேங்க்ல அந்த ஆபீசர் நம்பர் கேட்டாருன்னு நான் ஒரு கஸ்டமர் பேமெண்ட்ல இருந்த 12 இலக்க நம்பர காட்டினேன், அவர் தேடிப் பாத்துட்டு இப்படி ஒண்ணுமே எங்ககிட்ட இல்லீங்களேன்னுட்டாரு. இருக்காதுதான். அந்த 12 இலக்கம் கஸ்டமர்கிட்டருந்து கம்பெனி கணக்குக்குப் போன பணத்தோட நம்பர். கம்பெனிலருந்து நமக்கு வர்ற மொத்தத் தொகைக்கு வேற நம்பர், செட்டில்மெண்ட் பக்கத்துல யூடிஆர்னு தனியா இருக்கும். பேங்குக்குப் போனா அந்த செட்டில்மெண்ட் யூடிஆர், தேதி, தொகை, இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. அதக் காட்டினப்புறம்தான் அவர் சரியா பாத்தாரு, இந்த நம்பர்ல வரவு ஏறல, உங்க பழைய ஐஎஃப்எஸ்சில அனுப்பியிருப்பாங்க, அது இப்ப செல்லாதுங்க, திரும்பிப் போயிருக்கும்னாரு. நெஃப்ட்ல அனுப்புன பணத்த அக்கவுண்ட்ல சேக்க முடியலன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அனுப்புன பேங்குக்கே திருப்பிடணும்னு விதி இருக்குன்னும் சொன்னாரு. அப்படின்னா வியாழக்கிழமையே எங்க பணம் கம்பெனி கைக்குத் திரும்பிப் போயாச்சு, ஆனா ஆப்ல இன்னும் Settled-னுதான் நிக்குது. எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு.

ஒரு தொகை திரும்பினதால அடுத்தடுத்த நாள் வசூல எல்லாம் அவங்க சிஸ்டம் தானா நிறுத்தி வெச்சிருக்கு, பேங்க் விவரத்த மறுபடியும் உறுதி பண்ணுற வரைக்கும் விடாது. அதுக்கான அறிவிப்பு ஆப்ல வந்திருக்கு, கடன் வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமாங்கற விளம்பரத்துக்கு நடுவுல ஒரு வரியா. வெள்ளிக்கிழமை சாயங்காலமே புது கோட போட்டேன். அவங்க 1 ரூபா அனுப்பி அக்கவுண்ட் பேர சரிபாப்பாங்க, அங்க அடுத்த சிக்கல், கரண்ட் அக்கவுண்ட் பேக்கரி பேர்ல இருக்கு, ஆப்ல பான் கார்டு வீட்டுக்காரர் பேர்ல. ரெண்டையும் இணைக்கற காகிதம் வேணும்னாங்க. எங்ககிட்ட சின்னத் தொழிலுக்குப் பதிவு பண்ணி வாங்கற உத்யம் சான்றிதழ் இருந்துச்சு, அதுல அவர் பேரும் கடை பேரும் சேந்தே இருக்கும், அதையும் புது கோடு அச்சடிச்ச கேன்சல் செக்கையும் போட்டோ எடுத்து ஏத்தினேன். உத்யம் எடுக்காதவங்க எடுத்து வெச்சுக்கங்க, அரசாங்கத்தோட சொந்த சைட்டுல காசே கிடையாது.

ஆனா அடுத்த நாள் ரெண்டாவது சனிக்கிழமை. பேங்க் லீவு, கம்பெனில காகிதம் பாக்கற ஆளுங்களும் திங்கக்கிழமைதான். நெஃப்ட் 2019 டிசம்பர்லருந்து லீவு நாள்லயும் 24 மணி நேரமும் ஓடுது, பணம் போறதுக்கு ஞாயிறு தடையே இல்ல, ஆனா ஹோல்ட எடுக்க மனுஷங்க வேணுமே. அந்த சனி ஞாயிறு கடையில நல்ல கூட்டம். ஒவ்வொரு தடவ பாக்ஸ் கத்தும்போதும் இதுவும் உள்ள போய் மாட்டப் போகுதேன்னு நெஞ்சு அடைக்கும். வெள்ளி 11,065, சனி 13,240, ஞாயிறு 14,310. முன்னாடி சொன்ன 9,480, 10,120 ரெண்டையும் சேத்தா 58,215 ரூபா. ஞாயிறு ராத்திரி கடைசியா அந்த க்யூஆர் ஸ்டாண்ட எடுத்து உள்ள வெச்சுட்டு வீட்டுக்காரரோட பழைய க்யூஆர மாட்டுனோம், திங்கக்கிழமைலருந்து வர்றதாவது நேரா கைக்கு வரட்டும்னு.

திங்கக்கிழமை மத்தியானம் டீலர் போன், "ஏனுங் அம்மணி, செக் திரும்பிருச்சுங்களே". அந்தக் குரல்ல கோவம் கூட இல்ல, அதுதான் ரொம்ப வலிச்சுது, பல வருஷமா கடனுக்கு சரக்கு போட்டவரு. எங்க பேங்க் செக் ரிட்டர்னுக்கு 590 ரூபா எடுத்துச்சு, அவர் பேங்க்ல எடுத்ததையும் நாங்கதான் குடுத்தோம். அன்னைக்கு சாயங்காலமே என் வளையல வெச்சு 42 ஆயிரத்த கையில கொண்டுபோய்க் குடுத்தோம். அதுக்கு வட்டி வேற. கடைய விட்டுட்டு பேங்குக்கும் போனுக்கும் ஓடுன நேரத்துல போன வியாபாரம் எவ்வளவுன்னு எழுதி வைக்கல. கொஞ்ச மாசத்துக்கு டீலர் கைல காசுன்னாதான் சரக்கு இறக்குனாரு.

செவ்வாய்க்கிழமை காலைல ஒரே தொகையா 48,735 ரூபா ஏறுச்சு. வீட்டுக்காரர் வந்துருச்சு விடும்மான்னாரு. நான் தேதி தேதியா கூட்டிப் பாத்தேன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நாலும் சேத்தா சரியா 48,735. புதன்கிழமை 9,480 அதுல இல்ல. ஆப்ல போய்ப் பாத்தா அது இன்னும் Settled-தான், நிலுவைல ஒண்ணுமே காட்டல. அதாவது அவங்க கணக்குப்படி எங்களுக்கு ஒரு பைசா பாக்கி இல்ல. தனித்தனியா எழுதி வெச்சிருக்கலன்னா அந்தப் பணம் அப்படியே போயிருக்கும், நாங்களும் வந்துருச்சுன்னே நெனச்சிருப்போம். இதுக்கு போன்ல பேசி புண்ணியமில்ல. பேங்க்லருந்து புதன்லருந்து செவ்வாய் வரைக்கும் ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் எடுத்து, "இந்த யூடிஆர், இந்தத் தேதி, இந்தத் தொகை எங்க அக்கவுண்ட்ல வரவு ஏறல, ஸ்டேட்மெண்ட் இணைச்சிருக்கோம், திரும்பி வந்த பணத்த புது யூடிஆர்ல அனுப்புங்க"ன்னு மட்டும் மெயில் போட்டேன், கதையெல்லாம் எழுதல. முதல்ல ஒரு டிக்கெட் நம்பரோட பழைய பதிலே வந்துச்சு. கம்பெனி சைட்ல அடிப்பக்கம் குறை தீர்ப்பு அதிகாரி, நோடல் அதிகாரின்னு மெயில் ஐடி இருக்கும், அதே மெயில டிக்கெட் நம்பரோட அங்க அனுப்புனேன். அடுத்த வாரம் 9,480 புது யூடிஆரோட வந்துச்சு. வரலன்னா 30 நாள் கழிச்சு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in-ல போடலாம், காசு கிடையாது, ஆனா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க. அதனால போன்ல எத்தன தடவ பேசினாலும் ஒரு மெயில் கண்டிப்பா போட்டு வைங்க.

இப்ப நான் கணக்கு வெக்கற விதம் இதுதான். போன்லயே ஒரு ஷீட். A-ல தேதி, B-ல முந்தின ராத்திரி 10 மணிலருந்து அன்னைக்கு ராத்திரி 10 மணி வரைக்கும் க்யூஆர் மொத்தம், C-ல பிடித்தம், D-ல அன்னைக்கு பேங்க்ல நெசமா வந்தது, E-ல அதோட யூடிஆர் கடைசி நாலு இலக்கம், F-ல இன்னும் வரவேண்டிய பாக்கி. பாக்கிக்கு மூணாவது வரில இப்படி போட்டுட்டு கீழ இழுத்துக்கறது.

```
=F2+B3-C3-D3
```

நேத்து வரைக்கும் பாக்கி, கூட இன்னைக்கு வசூல், அதுல பிடித்தமும் பேங்க்ல வந்ததும் கழிச்சா மீதி. ஆரம்பிக்கற அன்னைக்கு F2-ல ஏற்கனவே வரவேண்டிய தொகைய கையால போட்டுக்கணும். D-ய ஆப்பப் பாத்து போடவே கூடாது, பேங்க் மெசேஜோ ஸ்டேட்மெண்ட்டோ பாத்து மட்டும்தான். எல்லாம் ஒழுங்கா ஓடுனா ராத்திரி பாக்கி அந்த ஒரு நாள் வசூலுக்கு சமமா இருக்கும், பிடித்தத்த அது புடிச்ச செட்டில்மெண்ட் வந்த நாள்லயே C-ல எழுதுனா போதும். பாக்கி ஒரு நாள் வசூலத் தாண்டிப் போச்சுன்னா எங்கியோ ஒரு தொகை நின்னிருக்கு. எந்த வரில D காலியா இருக்குன்னு பாத்தா, அதுக்கு முந்தின நாள் வசூல்தான் நின்னிருக்குன்னு தெரிஞ்சிரும். தினமும் ஒரு டீ குடிக்கற நேரந்தான் ஆகுது. சின்னச் சின்னத் தொகை மாறாம அப்படியே நின்னா அது பெரும்பாலும் எழுதாம விட்ட பிடித்தமோ, ரெண்டு தடவ போட்ட கஸ்டமருக்கு ஆப் வழியா திருப்பிக் குடுத்ததோவா இருக்கும். ஆப்ல கடன் வாங்கியிருந்தா தவணையும் தினம் செட்டில்மெண்ட்லயே புடிப்பாங்க, அதயும் C-ல போடணும்.

இன்னொண்ணு, பாக்கி ஒரு நாளத் தாண்டுன அன்னைக்கே க்யூஆர மாத்திடுங்க, நாங்க ஞாயிறு வரைக்கும் இழுத்துட்டோம். இப்ப எங்க பேங்க்லயே கரண்ட் அக்கவுண்டுக்கு நேரா விழற க்யூஆர் ஒண்ணு வாங்கி கல்லாவுக்கு அடியில வெச்சிருக்கேன். செக்கு தேதியும் இப்ப சனி ஞாயிறு வசூல நம்பி திங்கக்கிழமைக்குப் போடறதில்ல, புதன் வியாழன்தான்.

வருஷக் கணக்கு பாக்கறப்ப விற்பனையா B மொத்தத்த எடுக்கணும்னு எங்க ஆடிட்டர் சொன்னாரு, பேங்க்ல வந்த D இல்ல, பிடிச்சதெல்லாம் செலவுல தனியா வரும். 2025ல கர்நாடகால யுபிஐ வரவ வெச்சு சின்னக் கடைக்காரங்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சுல்ல, அதுக்கப்புறம் சீட்டுப் பணம், சொந்தக்காரங்க குடுக்கற கைமாத்து எதயும் கடை க்யூஆர்ல வாங்கறதில்ல.

கடைசியா, கஸ்டமருக்குக் காசு போயிடுச்சு, நம்ம பாக்ஸ் சத்தமே போடலங்கற கேஸ். அவங்க போன்ல காட்டற ஸ்க்ரீன நம்பி எழுதிக்காதீங்க, நம்ம ஆப் பட்டியல்ல அந்த 12 இலக்கத்தோட கடைசி நாலு இருக்கான்னு பாருங்க. சில நேரம் கொஞ்ச நேரம் கழிச்சு ஏறும், அப்ப நாள் கணக்கு கூட மாறிடும். ஏறவே இல்லன்னா அந்தப் பணம் நம்மகிட்ட வரல. கடைக்குப் போட்ட யுபிஐல பணம் கழிஞ்சு கடைக்கு உறுதி வரலன்னா 5 நாளுக்குள்ள அவங்க அக்கவுண்டுக்கே தானா திரும்பணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூபா அவங்களுக்கு நஷ்டஈடுன்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியிருக்கு. தினம் வர்ற ஆளுன்னா பேரெழுதி விட்டுடுவேன், புது ஆளுன்னா இதச் சொல்லி கேஷ் கேப்பேன். சத்தம் போடறவங்க இருக்காங்க, அதுக்காக கல்லாவுக்குப் பின்னாடி அந்த விதிய ஒரு அட்டைல தமிழ்ல எழுதி மாட்டியிருக்கேன், படிச்சுட்டு பாதிப்பேர் அடங்கிடறாங்க.